பத்து நிமிஷ நடை: எனக்கு என்ன செஞ்சது, என்ன செய்யல



போன சனிக்கிழமை அன்னதானம் முடிஞ்சு பாத்திரம் கழுவிக்கிட்டு இருந்தோம். பக்கத்துல நின்ன ஒரு தங்கச்சி மெதுவா கேட்டா: "அக்கா, உங்களுக்கு மனப்பதற்றம் இருந்துச்சாம், நடந்து நடந்தே சரியாயிடுச்சாம். உண்மையா? எத்தன நாள்ல தெரியும்?"

"ஓரளவுக்கு உண்மைதாம்மா"ன்னு மட்டும் சொல்லிட்டு அண்டாவத் தேய்க்க ஆரம்பிச்சிட்டேன். வீட்டுக்கு வந்தப்புறம் அந்தப் பதில் மனச உறுத்துச்சு. ஏன்னா இதே விஷயத்துல ஒரு தடவ அரைகுறையா சொல்லி, ஒரு தம்பிக்குக் கெடுதல் பண்ணியிருக்கேன். அதனால இந்தத் தடவ முழுசா எழுதிடறேன். கொஞ்சம் நீளமாத்தான் இருக்கும், பொறுத்துக்குங்க.

ரெண்டு வருஷத்துக்கு முன்னால, தைப்பூச வேலையெல்லாம் மும்முரமா நடந்த சமயம், நான் மூணு வாரம் கோயிலுக்கு வரல. முட்டி வலின்னு சொன்னேன். அது பொய். அதுக்கு ரெண்டு மாசம் முந்தி வீட்டுக்காரருக்கு இருதய பைபாஸ் ஆச்சு. அவர் நல்லபடியா வீடு திரும்பிட்டார், என் உடம்புதான் திரும்பல. தினமும் சாயந்திரம் நாலு மணி ஆனா நெஞ்சு படபடன்னு அடிக்கும், உள்ளங்கை வேர்க்கும், ஏதோ கெட்ட சேதி வரப்போவுதுன்னு தோணும். ராத்திரி நாலஞ்சு தடவ எழுந்து, அவர் மூச்சு விடறாரான்னு மூக்குக்கிட்ட கை வச்சுப் பாப்பேன். பகல்ல எதுலயும் பிடிப்பு இல்ல. பூ கட்ட உக்காந்தா நாலு முழம் கட்டற நேரத்துல ஒரு முழம் கூட வராது.

மக வற்புறுத்தி பாலிகிளினிக்குக்குக் கூட்டிட்டுப் போனா. அந்த டாக்டரம்மா எடுத்த எடுப்புல "நடங்க"ன்னு சொல்லல. முதல்ல ரத்த அழுத்தம் பாத்தாங்க, ஈசிஜி எடுத்தாங்க, தைராய்டுக்கு ரத்தம் எடுத்தாங்க. தைராய்டு கூடினாலும் இதே மாதிரி படபடப்பு வருமாம். எல்லாம் சரியா இருக்குன்னு தெரிஞ்ச பிறகுதான், இது மனப்பதற்றம், கூடவே கொஞ்சம் மனச்சோர்வும் இருக்குன்னு சொன்னாங்க. ஆறு வாரம் கழிச்சு திரும்ப வரச் சொல்லி, அதுவரைக்கும் ஒரு வேலை கொடுத்தாங்க. தினமும் பத்து நிமிஷம் வேகமா நடக்கணும். நடக்கறதுக்கு முன்னால பதற்றத்துக்கு பூஜ்யத்துலருந்து பத்துக்குள்ள ஒரு நம்பர் எழுதணும். நடந்து முடிச்சு, பத்து நிமிஷம் உக்காந்துட்டு, இன்னொரு நம்பர் எழுதணும். மனசு எப்படி இருக்குன்னு ராத்திரி படுக்கும்போது தனியா ஒரு நம்பர். இது ரெண்டையும் கலக்கக் கூடாதுன்னு கண்டிப்பா சொன்னாங்க. ஏன் அப்படிச் சொன்னாங்கன்னு அப்போ எனக்குப் புரியல.

முதல் நாள் நான் பண்ணின தப்பச் சொல்றேன், நீங்க பண்ணாதீங்க. பதற்றம் நாலு மணிக்குத்தானே வருது, மூணரைக்கே நடந்துடலாம்னு வெயில்ல இறங்கிட்டேன். புளோக்கவிட்டு வெளியே வந்த உடனே ஓடாத குறையா நடந்தேன். நாலாவது நிமிஷம் மூச்சு வாங்குது, நெஞ்சு திடுதிடுன்னு அடிக்குது, முகமெல்லாம் வேர்வை. எனக்குப் பயம் வந்தா உடம்பு என்னென்ன செய்யுமோ அத்தனையும் அப்படியே செய்யுது! ஐயோ, எனக்கும் இருதயத்துல ஏதோ ஆவுதுன்னு பஸ் ஸ்டாப்புல உக்காந்துட்டேன். நோட்டுல முன்னால 7, பின்னால 8.

டாக்டரம்மாகிட்ட போன் பண்ணி, "நடந்தா கூடுது டாக்டர்"னு சொன்னேன். அவங்க விளக்கினது இன்னிக்கும் ஞாபகம் இருக்கு. பதற்றத்துலயும் நெஞ்சு அடிக்கும், நடையிலயும் நெஞ்சு அடிக்கும். உங்க மனசுக்கு இப்போ ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியல. எடுத்த உடனே வேகமாப் போனா அது அபாய மணின்னு நெனச்சுக்கும். மெதுவா ஏத்தி மெதுவா இறக்கினீங்கன்னா, நெஞ்சு அடிச்சதுக்குக் காரணம் நடைதான், நின்னா தானா இறங்கிடும்னு கொஞ்சம் கொஞ்சமாக் கத்துக்கும். ஒரு விஷயத்த மட்டும் அழுத்திச் சொன்னாங்க. நெஞ்சுல பாரம் வச்ச மாதிரி வலி, அது கையிலயோ தாடையிலயோ பரவுறது, தலை சுத்தல், இதெல்லாம் வந்தா பதற்றம்னு நீங்களே முடிவு கட்டக் கூடாது, உடனே 995.

அதுக்கப்புறம் இப்படி மாத்திக்கிட்டேன். நேரம், வெயில் இறங்கினப்புறம் சாயந்திரம் ஆறரை மணி. நாலு மணிக்கே ரொம்பப் படபடப்பா இருந்தா, எங்க புளோக்குலருந்து எம்ஆர்டி வரைக்கும் போற கூரை போட்ட நடைபாதை. மழைக்கும் அதுதான். முதல் ரெண்டு நிமிஷம் சாதாரணமா, கடைக்குப் போற மாதிரி. நடுவுல ஆறு ஏழு நிமிஷம் வேகம். கடைசியில ஒண்ணு ரெண்டு நிமிஷம் திரும்ப மெதுவா.

எவ்வளவு வேகம்னு பல பேர் கேப்பாங்க. கையில கடிகாரம் எதுவும் வேண்டாம். கூட வர்றவங்ககிட்ட பேச முடியணும், ஆனா பாட முடியக் கூடாது. பாட்டு வருதுன்னா வேகம் பத்தல. ரெண்டு வார்த்தைக்கு ஒரு தடவ மூச்சு வாங்குதுன்னா அதிகமாப் போறீங்க. எண்ணிப் பாக்கணும்னா நிமிஷத்துக்கு நூறு அடி, சுமாரா. வயசானவங்களுக்குக் கொஞ்சம் கம்மியிலயே அந்த வேகம் வந்துடும்.

இங்க ஒரு பாட்டி கேட்டாங்க, "நான் தினமும் சந்நிதிய ஒம்பது சுத்து வர்றேனே, அது சேராதா?"ன்னு. பாட்டி, பிரதட்சணம் மெதுவா வர்றதுக்குன்னே ஏற்பட்டது, நிறைமாசக் கர்ப்பிணி நடக்கற மாதிரி நடக்கணும்னு பெரியவங்க சொல்லுவாங்க. அத வேகமாக்காதீங்க. அதுக்கு அதோட பலன். இந்தப் பத்து நிமிஷத்த கோயிலுக்கு வர்ற வழியில வச்சுக்குங்க.

இப்போ நோட்டுக்கு வர்றேன். நடையச் சரியாக்கினப்புறம் முதல் நாள் முன்னால 7, பின்னால 5. அதுக்கு அடுத்த நாள் 6, 4. எனக்கே ஆச்சரியம், பத்து நிமிஷத்துலயா! ஆனா டாக்டரம்மா சொல்லாத ஒண்ணையும் நானா எழுதிப் பாத்தேன், ரெண்டு மணி நேரம் கழிச்சு எவ்வளவுன்னு. பெரும்பாலும் ஒரு நம்பர் திரும்ப ஏறியிருந்துச்சு. ரெண்டு வாரம் முடிஞ்சப்போ கணக்குப் போட்டேன். பதினாலு நாள்ல பதினோரு நாள் குறைஞ்சிருக்கு, ஒண்ணுலருந்து மூணு நம்பர் வரைக்கும். ரெண்டு நாள் மாத்தமே இல்ல. ஒரு நாள் கூடியிருக்கு, அது அந்த முதல் நாள்.

அதாவது பதற்றத்துக்கு நடை வேலை செய்யுதா இல்லையான்னு அன்னிக்கே தெரியுது. ஆனா அன்னிக்கே தேய்ஞ்சும் போயிடுது. தலைவலித் தைலம் மாதிரின்னு வச்சுக்குங்களேன்.

இது என் ஒருத்தி அனுபவம் மட்டும் இல்ல. மக தேடிப் படிச்சுக் காட்டினா. ராபர்ட் தேயர்னு அமெரிக்காவுல ஒரு உளவியல் பேராசிரியர், 1987ல ஒரு ஆராய்ச்சி வெளியிட்டிருக்கார். பதினெட்டு பேர், ஆளுக்குப் பன்னெண்டு நாள். சில நாள் பத்து நிமிஷம் வேகமா நடக்கணும், சில நாள் அதுக்குப் பதிலா ஒரு மிட்டாய்க் கட்டி சாப்பிடணும். அப்புறம் ரெண்டு மணி நேரம் வரைக்கும் தெம்பு எவ்வளவு, இறுக்கம் எவ்வளவுன்னு எழுதிக்கிட்டே வரணும். நடந்த நாள்ல தெம்பு கூடுச்சு, இறுக்கம் குறைஞ்சுது. மிட்டாய் சாப்பிட்ட நாள்ல முதல்ல தெம்பு வந்த மாதிரி இருந்து, ஒரு மணி நேரத்துல தெம்பும் போய் இறுக்கமும் கூடிடுச்சு. இதப் படிச்சப்போ எனக்குச் சிரிப்பு வந்துச்சு. நாலு மணி படபடப்புக்கு நான் அதுவரைக்கும் எடுத்துக்கிட்ட மருந்து, தே தாரேயும் மிச்சம் இருக்கற கேசரியும்தான்! ஆனா அந்தப் பதினெட்டு பேரும் நோயாளிங்க இல்ல, நம்மள மாதிரி அன்றாட ஆளுங்க. ஆராய்ச்சியும் சின்னதுதான். இத மறந்துடாதீங்க, பின்னால வேணும்.

அடுத்து, ராத்திரி எழுதின அந்த இன்னொரு நம்பர். மனசு எப்படி இருக்கு? பத்துன்னா சந்தோஷம், பூஜ்யம்னா ஒண்ணுமே பிடிக்கல. முதல் நாள் 4. ரெண்டு வாரம் கழிச்சும் 4. தினமும் சாயந்திரம் பதற்றம் குறையுது, ஆனா மனசு மட்டும் நட்ட கல்லு மாதிரி அங்கயே நிக்குது. நான் அன்னிக்கு ரெண்டையும் ஒண்ணாக் கலந்து எழுதியிருந்தா, இது வேலைக்கு ஆவாதுன்னு விட்டிருப்பேன். எதுக்குத் தனித்தனியா எழுதச் சொன்னாங்கன்னு அப்போதான் புரிஞ்சுது. பதற்றத்துக்கு நிமிஷக் கணக்கு, மனச்சோர்வுக்கு வாரக் கணக்கு.

மூணாவது வாரத்துலருந்து பத்து நிமிஷம் இருபது ஆச்சு. ஆசைப்பட்டுக் கூட்டல, கூட நடந்த பக்கத்து வீட்டு மலாய்க்கார அக்கா நிறுத்தாம பேசினதால கூடிப் போச்சு. அஞ்சாவது வாரம் நோட்டுல ஒரு 5 வந்துச்சு. அடுத்த நாள் திரும்ப 4. ஆறாவது வாரம் 5, 5, 6. இவ்வளவுதான். ஒரு நாள் காலையில எழுந்து பாத்தா எல்லாம் பறந்து போச்சுங்கற கதையெல்லாம் இல்ல.

எனக்கு முன்னாடி வீட்டுக்காரருக்குத்தான் அது தெரிஞ்சுது. ஒரு நாள் காலையில கோப்பி குடிச்சுக்கிட்டே சொன்னார்: "இப்பல்லாம் நீ ராத்திரியில என் மூக்குல கை வைக்கறது இல்ல. ஒரு வாரமா நிம்மதியாத் தூங்கறேன்." எனக்கு அது நின்னதே தெரியல. அவரும் இத்தன நாள் முழிச்சுக்கிட்டே படுத்திருந்தாருன்னும் அன்னிக்குத்தான் தெரிஞ்சுது.

ஆறு வாரம் கழிச்சு நோட்ட எடுத்துட்டுப் போனேன். டாக்டரம்மா பாத்துட்டு, உங்களுக்கு இருந்தது லேசான அளவு, அதனால இப்படியே தொடரலாம், இறங்கினா உடனே வாங்கன்னு சொன்னாங்க. அந்த "லேசான அளவு"ங்கற வார்த்தைய நான் சரியாக் காதுல வாங்கல. அங்கதான் தப்பு நடந்துச்சு.

கோயிலுக்குத் திரும்பி வந்தேன். பாக்கறவங்ககிட்டல்லாம் நடையப் பத்தி ஒரே பேச்சு. அப்போ நம்ம தொண்டூழியர் தம்பி ஒருத்தர், பேரு வேண்டாம், அவரே எழுதச் சொல்லி அனுமதி கொடுத்திருக்கார். வேலை போய் சில மாசம் ஆயிருந்துச்சு. ஆளே பாதியாயிட்டார். வரிசையப் பாத்துக்கற வேலையில நின்னுக்கிட்டே எங்கயோ வெறிச்சுப் பாப்பார். விடிகாலை மூணு மணிக்கு முழிப்பு வந்தா அப்புறம் தூக்கமே இல்ல, சோறு இறங்கலன்னு சொன்னார். ஒரு நாள், "எதுக்குக்கா இருக்கணும்னு தோணுது"ன்னார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "மனசப் போட்டுக் குழப்பிக்காத தம்பி. தினமும் பத்து நிமிஷம் வேகமா நட, எல்லாம் சரியாயிடும். எனக்கு ஆச்சே!"

அவர் நாலு நாள் நடந்தார். அஞ்சாவது நாள் படுக்கையவிட்டே எழ முடியல. அதுக்கப்புறம் அவர் மனசுல ஓடினத பின்னால அவரே சொன்னார்: "அக்காவால முடிஞ்சுது, இந்தப் பத்து நிமிஷம் கூட என்னால முடியலயே, நான் எதுக்குமே லாயக்கில்லன்னு நெனச்சேன்கா." நான் கைத்தடின்னு நெனச்சுக் கொடுத்தது, அவருக்கு இன்னொரு சுமையாப் போயிடுச்சு. நல்ல வேளை, அவரோட அக்கா கவனிச்சு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனாங்க. மாத்திரையும் ஆலோசனையும் ஆரம்பிச்சாங்க. இன்னிக்கு நல்லா இருக்கார்.

இதுல நான் புரிஞ்சுக்கிட்டது இதுதான். கடுமையான மனச்சோர்வு முதல்ல பிடுங்கிக்கறதே எழுந்து நடக்கற அந்தத் தெம்பத்தான். கால் உடைஞ்சவங்ககிட்ட நடந்தா கால் சரியாயிடும்னு சொல்ற மாதிரி நான் சொல்லியிருக்கேன்.

அப்போ மனச்சோர்வு நோய்க்கு நடையே உதவாதான்னு கேட்டா, அப்படியும் இல்ல. அமெரிக்காவுல டியூக் பல்கலைக்கழகத்துல, ஐம்பது வயசும் அதுக்கு மேலயும் இருக்கற 156 நோயாளிங்கள வச்சு ஒரு ஆராய்ச்சி பண்ணி 1999ல வெளியிட்டாங்க. ஒரு பகுதிக்கு உடற்பயிற்சி, ஒரு பகுதிக்கு மாத்திரை, ஒரு பகுதிக்கு ரெண்டும். பதினாறு வாரம் கழிச்சுப் பாத்தா மூணு பகுதியும் ஏறக்குறைய ஒரே அளவு தேறியிருந்தாங்க. ஆனா ஆரம்ப வாரங்கள்ல மாத்திரை எடுத்தவங்களுக்குத்தான் சீக்கிரம் பலன் தெரிஞ்சுது. இன்னொண்ணு, அந்த நடை நம்ம பத்து நிமிஷ நடை இல்ல. வாரத்துக்கு மூணு தடவ, அரை மணி நேரம் வேக நடையோ மெது ஓட்டமோ, பயிற்சியாளர் பக்கத்துல இருந்து பாத்துக்கிட்ட வகுப்பு. தனியா வீட்டுல கிடந்து தவிக்கறவங்களுக்கு அந்தத் துணைதான் முதல்ல கிடைக்காது.

அதனால அந்தத் தங்கச்சிக்கும், உங்க எல்லாருக்கும் என் முழுப் பதில் இதுதான்.

படபடப்பு, இறுக்கம், காரணம் புரியாத பயம், இதுக்குப் பத்து நிமிஷ வேக நடை அன்னிக்கே கொஞ்சம் குறைச்சுக் கொடுக்கலாம். ஒரு மணி, ரெண்டு மணி நேரம் அது நிக்கலாம். ஒரு நாள வச்சு முடிவு பண்ணாதீங்க. ஒரு வாரம் முன்னால பின்னால நம்பர் எழுதிப் பாருங்க. பெரும்பாலான நாள் குறையுதுன்னா உங்களுக்கு அது ஒத்து வருது. குறையலன்னா அது உங்க குத்தம் இல்ல, எல்லாருக்கும் ஒரே மாதிரி வேலை செய்யாது.

மனசு சோர்ந்து கிடக்கறதுக்கு, விடாம நடந்தாலும் வாரக் கணக்குல ஆவும், பத்து நிமிஷம் மட்டும் பத்தாமலும் போகலாம். ஆறு வாரம் நடந்தும் மாத்தம் இல்லன்னா டாக்டரப் பாருங்க.

ஆனா சிலருக்கு அந்த ஆறு வாரம் காத்திருக்கவே கூடாது. ரெண்டு வாரமா நாள் பூரா மனசு இருண்டு கிடந்தா, தூக்கம் சாப்பாடு கெட்டுப் போனா, வேலைய வீட்டக் கவனிக்க முடியலன்னா, நடைய ஒதுக்கி வச்சிட்டு டாக்டர்கிட்ட போங்க. இருக்கவே வேண்டாம்னு தோணினா அன்னிக்கே யார்கிட்டயாவது வாய்விட்டுச் சொல்லுங்க. 1767க்கு எந்த நேரமும் கூப்பிடலாம். ஏற்கெனவே மாத்திரை எடுக்கறவங்க, நடக்க ஆரம்பிச்சு நல்லா இருக்கேன்னு நீங்களா நிறுத்திடாதீங்க.

இன்னொருத்தர் இப்படித் தவிக்கறதப் பாத்தீங்கன்னா, "போய் நட"ன்னு சொல்லாதீங்க. அந்தத் தம்பி கொஞ்சம் தேறினப்புறம் நான் அவர் புளோக்குக்குக் கீழ போய் நின்னேன். முதல் நாள் லிஃப்ட்டுலருந்து கோப்பிக் கடை வரைக்கும்தான் நடந்தோம், மூணு நிமிஷம் கூட இருக்காது. வேகமும் இல்ல, பேச்சும் இல்ல. நம்பர் எதுவும் எழுதல. ஒரு கோப்பி குடிச்சிட்டுத் திரும்பி வந்தோம். அடுத்த வாரம் அவரே போன் பண்ணி, "அக்கா, இன்னிக்கு வர்றீங்களா?"ன்னு கேட்டார்.

என் நோட்டு இப்பவும் இருக்கு. போன செவ்வாய்க்கிழமை வீட்டுக்காரருக்கு மறுபரிசோதனை. முன்னால 7, பின்னால 5. ரெண்டு வருஷம் ஆயும் 7 வருது பாருங்க. வரட்டும். ஆறரைக்கு இறங்கி நடந்துட்டு வந்து உக்காந்தா 5 ஆவும்னு தெரியும். அந்த அளவுக்குப் போதும்.

சனிக்கிழமை காய் நறுக்கற வேலை முடிஞ்சு கோயில் வாசல்லருந்து பஸ் ஸ்டாப்ப சுத்தி ஒரு நடை போவேன். சேர்ந்து வர்றவங்க வரலாம். எதுக்கு வந்தீங்கன்னு நான் கேக்க மாட்டேன். முட்டி வலின்னு சொன்னாலும் நம்பிடறேன்.

வணக்கம்.